350 மாணவர்கள் ஏன் போதவில்லை: வகுப்பை அலகாகக் கொண்ட உளநல ஆய்வொன்றுக்கு மாதிரி அளவு கணித்த அனுபவம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் தரம் 9 மாணவர்களுக்கான உளநலப் பாடத்திட்டம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கு, புள்ளிவிபரப் பகுதியை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். எட்டுப் பாடங்கள் கொண்ட அந்தத் திட்டத்தைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடவேளையில் நடத்துவார்கள். ஆறு மாதங்களின் பின் மாணவர்கள் தாமே நிரப்பும் வலிமைகளும் சிரமங்களும் வினாக்கொத்தின் மொத்தச் சிரமப் புள்ளியை, பாடம் பெற்றவர்கள், பெறாதவர்கள் ஆகிய இரு தரப்புக்கும் இடையில் ஒப்பிடுவோம். அந்த வினாக்கொத்தில் 25 வினாக்கள் உண்டு. அவற்றில் 20 வினாக்களின் கூட்டுத்தொகையே 0 முதல் 40 வரை செல்லும் மொத்தச் சிரமப் புள்ளி. என் கைக்கு வந்த வரைவில் மாதிரி அளவு 350 என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு தரப்புக்கு 175 பேர், வகுப்புக்கு 25 பேர் வீதம் 14 வகுப்புகள்.

அந்த 175 என்ற எண் பிழையான கணக்கிலிருந்து வந்ததன்று. இரு தரப்பு வேறுபாடு 0.3 நியம விலகல், வலு 80 வீதம், பொருண்மை மட்டம் 5 வீதம் என்று வைத்தால், மாணவர்களைத் தனித்தனியே எழுமாற்றாகப் பிரிக்கும் ஆய்வுக்கு அந்த எண்தான் வரும். ஆனால் நாங்கள் பிரிக்கவிருந்தது மாணவர்களை அல்ல, வகுப்புகளை. 9A வகுப்பிலுள்ள அனைவருக்கும் பாடம் நடக்கும், 9B வகுப்பில் எவருக்கும் நடக்காது. பிரிக்கும் அலகு வகுப்பாகிய பின், ஒரே வகுப்பிலிருந்து வரும் 25 விடைத்தாள்களை 25 தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது.

ஏன் முடியாது என்பதை ஒரு வகுப்பறைக்குள் நின்று பார்த்தால் விளங்கும். ஒரு வகுப்பின் பிள்ளைகள் பெரும்பாலும் அயற்கிராமங்களிலிருந்து வருகிறார்கள். ஒரே வெள்ளத்தைக் கண்டிருக்கிறார்கள். கண்டிப்பான வகுப்பாசிரியர் வாய்த்தால் அத்தனை பேருக்கும் அவரே வாய்க்கிறார். அளவிடும் முறையும் ஒற்றுமையைக் கூட்டுகிறது. வினாக்கொத்தைத் தரவு சேகரிப்பவர் உரக்க வாசித்து, மாணவர்கள் நிரப்பும் முறையையே நாங்கள் முன்பரிசோதனையில் பயன்படுத்தினோம். தலைவலி, வயிற்றுவலி அடிக்கடி வருகிறதா என்று கேட்கும் வினாவில் ஒரு பிள்ளை எழுந்து, “மிஸ், சோதினை நேரத்தில மட்டும் வந்தாலும் போடலாமா?” என்று கேட்டது. சேகரிப்பாளர் “ஓம், போடலாம்” என்றார். அந்த ஒரு சொல்லால் வகுப்பு முழுவதினதும் அந்த வினாவுக்கான விடை ஒரே பக்கம் சாய்ந்தது. அடுத்த வகுப்பில் வேறொரு சேகரிப்பாளர் அதே கேள்விக்கு “உங்களுக்குத் தோன்றியபடி போடுங்கள்” என்று சொல்லியிருப்பார். இந்த வேறுபாட்டுக்கும் பிள்ளைகளின் மனநிலைக்கும் தொடர்பில்லை, ஆனாலும் அது வகுப்புக்கு வகுப்பு உள்ள வேறுபாடாகவே தரவில் பதிவாகும்.

இந்த ஒற்றுமையை அளக்கும் எண்ணைக் கொத்தகத் தொடர்புக் குணகம் என்போம். ρ என்று எழுதுவது வழக்கம். மொத்த மாறற்றிறனில் வகுப்புகளுக்கு இடையிலான மாறற்றிறன் எத்தனை பங்கு என்பதுதான் அது. வகுப்புக்கு m மாணவர் என்றால், தேவையான மாதிரி அளவு, வடிவமைப்பு விளைவு எனப்படும் DE என்ற கீழ்க்காணும் பெருக்கத்தால் கூடும்:

```
DE = 1 + (m − 1)ρ
```

ρ 0.04 என்று கொள்வோம். பார்வைக்கு மிகச் சிறிய எண்தான், ஆனால் m 25 ஆகும்போது வடிவமைப்பு விளைவு 1.96 ஆகிவிடுகிறது. அதாவது வரைவிலிருந்த 350 மாணவர்களும் ஏறக்குறைய 179 தனி மாணவர்கள் தரும் தகவலையே தருவார்கள். ஆய்வின் வலு 80 வீதத்திலிருந்து ஏறக்குறைய 50 வீதத்துக்கு இறங்கிவிடும். திட்டம் உண்மையிலேயே பயன் தந்தாலும் அதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான்.

குழுவில் முதலில் எழுந்த யோசனை, வகுப்புகளைக் கூட்டாமல் ஒவ்வொரு வகுப்பிலும் கூடுதலான மாணவர்களைச் சேர்த்துவிடலாம் என்பது. பெரிய வகுப்புகளுள்ள நகரப் பாடசாலைகளுக்குப் போனால் பயணச் செலவும் குறையும் என்பதால் அது இயல்பான யோசனைதான். ஆனால் ρ 0.04 ஆக இருக்கும்போது 25 பேர் கொண்ட வகுப்பு ஏறக்குறைய 13 தனி மாணவர்களுக்குச் சமம். 40 பேர் கொண்ட வகுப்பு ஏறக்குறைய 16 பேருக்குத்தான் சமம். பதினைந்து விடைத்தாள்களைக் கூடுதலாகச் சேகரித்து, மூன்று பேரின் தகவலைக்கூட முழுதாகப் பெறவில்லை. வகுப்பு எவ்வளவு பெரிதானாலும் 1/ρ என்ற எல்லையை, இங்கே 25 பேரை, அது தாண்டவே மாட்டாது. ஆகவே வலுவைத் தருவது வகுப்புகளின் எண்ணிக்கை. குழுவினர் இதை ஏற்றுக்கொண்ட பிறகு, “எத்தனை மாணவர்கள்?” என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் எழவில்லை, “எத்தனை வகுப்புகள்?” என்றே பேசிக்கொண்டோம்.

0.3 என்ற வேறுபாட்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நியம விலகலை 5.5 புள்ளி என்று திட்டத்தில் கொண்டிருந்ததால், 0.3 என்பது மொத்தச் சிரமப் புள்ளியில் 1.65 குறைவைக் குறிக்கும். முன்மொழிவை ஆராயும் மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதும்போது நியம விலகலில் மட்டும் சொல்லாமல் அந்தப் புள்ளிக் கணக்கையும் சேர்த்து எழுதினேன். எட்டுப் பாடவேளைகளைச் செலவிடுவதற்கு அந்த அளவு குறைவு தகுமா என்பதை வகுப்பறை தெரிந்தவர்கள் அப்போதுதான் மதிப்பிட முடியும். இதைவிடப் பெரிய வேறுபாட்டை எதிர்பார்த்து மாதிரியைச் சுருக்குவதற்கு நான் உடன்படவில்லை. தெரிவு செய்யாமல் எல்லா மாணவருக்கும் நடத்தும் பாடசாலைத் திட்டங்களின் விளைவு பொதுவாகச் சிறிதுதான். பிரித்தானியாவில் 84 பாடசாலைகளிலுள்ள 8376 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2022இல் முடிவுகள் வெளிவந்த மிரியட் ஆய்வில், மனவிழிப்புப் பயிற்சி வழமையான பாடங்களைவிட மேலான பலனைத் தந்ததாகக் காணப்படவில்லை.

மிகக் கடினமான பகுதி ρ எண்ணைத் தெரிவதுதான். “நாங்கள்தான் முன்பரிசோதனை செய்திருக்கிறோமே, அதிலிருந்து எடுத்துவிடலாமே” என்று குழுவில் ஒருவர் கேட்டார். முன்பரிசோதனையில் இருந்தவை ஆறு வகுப்புகள். உண்மையான ρ 0.03 என்றும் வகுப்புக்கு 25 பேர் என்றும் வைத்து, அந்த மதிப்பீட்டின் நியம வழுவைக் கணித்துக் காட்டினேன்: ஏறக்குறைய 0.04. மதிப்பீட்டைவிட அதன் நியம வழு பெரிது. இத்தகைய முன்பரிசோதனை பூச்சியத்தையும் தரலாம், 0.10ஐயும் தரலாம்; இரண்டில் எது வந்தாலும் அதை நம்பி மாதிரி அளவை முடிவு செய்வது ஆபத்து. குறிப்பாகப் பூச்சியம் வந்தால், கொத்தாக்கமே இல்லை என்று எழுதிவிட்டு 350க்குத் திரும்பிவிடும் தூண்டுதல் மிக வலிமையானது. முன்பரிசோதனையை நடைமுறைச் சிக்கல்களை அறிவதற்குப் பயன்படுத்துவது நல்லது; ρ எண்ணைப் பல பெரிய ஆய்வுகள் வெளியிட்ட மதிப்புகளிலிருந்து எடுப்பதே பாதுகாப்பானது.

அப்படி எடுக்கும்போது மூன்று விடயங்களைப் பார்த்தேன். முதலாவது, அந்த மதிப்பு வகுப்பு மட்டத்துக்குரியதா, பாடசாலை மட்டத்துக்குரியதா என்பது. பல கட்டுரைகள் பாடசாலை மட்டத்தை மட்டும் தருகின்றன. வகுப்பைப் பிரிக்கும் ஆய்வுக்கு அதை அப்படியே பயன்படுத்த முடியாது. இரண்டாவது, யார் விடையளித்தார் என்பது. ஆசிரியர் தம் வகுப்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாமே புள்ளியிடும்போது அவருடைய இயல்பும் அந்த எண்ணில் கலந்துவிடுவதால் ρ கணிசமாக உயரும். மாணவர் தாமே விடையளிக்கும் வினாக்கொத்தை முதன்மை அளவீடாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாடம் நடத்திய ஆசிரியரே விளைவையும் அளந்தால் வரக்கூடிய சாய்வு இன்னொரு காரணம். மூன்றாவது, அங்கே வகுப்புகள் எப்படி அமைக்கப்பட்டன என்பது. எமது நகரப் பாடசாலைகள் சிலவற்றில் தவணைப் புள்ளிகளின்படி A, B, C என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். அங்கே வகுப்புகளுக்கு இடையிலான வேறுபாடு, கலந்து அமைத்த வகுப்புகளைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

மாணவர் தாமே விடையளிக்கும் உளநல அளவீடுகளுக்கு வகுப்பு மட்டத்தில் 0.05க்குக் குறைவான மதிப்புகளே அதிகம் காணப்படுகின்றன. நான் 0.04ஐத் தெரிந்தேன். ஆனால் ஒரு எண்ணை மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை. அந்த எண் மாறினால் வகுப்புகளின் எண்ணிக்கை எப்படி மாறும் என்பதையும் அருகிலேயே எழுதினேன். அதற்கு முன் வகுப்புகளின் சமமின்மையைச் சேர்க்க வேண்டியிருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாடசாலையொன்றில் தரம் 9இல் 12 பேர் இருப்பார்கள். எழுவான்கரையில் நகரப் பாடசாலையில் அதே தரத்தின் ஒரு பிரிவில் 40 பேர் இருப்பார்கள். சராசரி m̄ 25, வகுப்பு அளவுகளின் நியம விலகல் 10 என்று கொண்டால் மாறற் குணகம் CV 0.4. அப்போது சூத்திரம் இப்படி அமையும்:

```
DE = 1 + [(1 + CV²)·m̄ − 1]ρ
   = 1 + [(1 + 0.16)·25 − 1]·0.04
   = 2.12
```

175ஐ 2.12ஆல் பெருக்க ஒரு தரப்புக்கு 371 மாணவர்கள். வகுப்புக்கு 25 பேர் வீதம் 15 வகுப்புகள். வகுப்புகளின் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது இச்சூத்திரம் தேவையைச் சற்றுக் குறைத்துச் சொல்லும். அதை ஈடுசெய்ய ஒரு தரப்புக்கு ஒரு வகுப்பைக் கூட்டுவது வழக்கம், ஒரே பாடசாலையின் இரு வகுப்புகளை இணையாக வைத்துப் பிரிக்கும்போது இரண்டைக் கூட்டுவது வழக்கம். எமது திட்டத்தில் இணைகள் இருந்ததால் 17 ஆயிற்று. ρ 0.02 என்றால் 13, 0.06 என்றால் 21, 0.08 என்றால் 25. அதாவது ρ 0.02 கூடும் ஒவ்வொரு முறையும் ஒரு தரப்புக்கு நான்கு வகுப்புகள் கூடத் தேவைப்படுகின்றன. மதிப்பீட்டுக் குழு இந்த வரியையே அதிக நேரம் பார்த்தது, 0.04 ஏன் என்ற கேள்விக்கு எம்மிடம் காரணம் இருந்தது, அது பிழைத்தால் எவ்வளவு இழப்போம் என்பதும் அவர்கள் முன்னால் இருந்தது. சமமின்மையால் கூடியது ஒரு தரப்புக்கு ஒரு வகுப்புத்தான் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிறிய கிராமப் பாடசாலைகளைச் சேர்த்தால் கணக்கு குழம்பிவிடும் என்று சிலர் அஞ்சினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஏன் வகுப்பைப் பிரித்தோம், பாடசாலையையே பிரித்திருக்கக் கூடாதா என்பது இதைவிட ஆழமான கேள்வி. ஒரே பாடசாலைக்குள் ஒரு வகுப்புக்குப் பாடமும் மறுவகுப்புக்கு வழமையும் என்று வைத்தால், அந்த அதிபரின் நிர்வாகம், அந்த ஊரின் வறுமை, அந்த ஊர் பட்ட இழப்பு எல்லாம் இரு தரப்பிலும் ஒரே மாதிரி இருக்கும். பாடசாலைகளுக்கு இடையிலான மாறற்றிறன் ஒப்பீட்டிலிருந்து விலகிவிடும். பாடசாலைகளைப் பிரித்து, பாடசாலைக்கு ஒரு வகுப்பை மட்டும் எடுத்தால் அந்த மாறற்றிறனும் சேர்ந்துகொள்ளும். அதற்கு 0.02 என்று வைத்து மொத்தம் 0.06 ஆகக் கணித்தால், இணைகளற்ற அமைப்பில் ஒரு தரப்புக்கு 20 பாடசாலைகள் தேவை. எமது அமைப்பில் தேவைப்பட்டவை இரு வகுப்புகளுள்ள 17 பாடசாலைகள் மட்டுமே. நாற்பது பாடசாலைகளுக்கு அனுமதி பெற்று, மகாஓயா வீதியோர ஊர்களிலிருந்து திருக்கோவில் வரை ஆட்களை அனுப்புவதோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஆனால் இந்தச் சேமிப்பு, பாடம் மறுவகுப்புக்குக் கசியாது என்ற நிபந்தனையின் பேரில்தான் கிடைக்கிறது. 9A பிள்ளையும் 9B பிள்ளையும் மாலையில் ஒரே ரியூசன் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது ஆசிரியர். சுகாதாரப் பாடத்தை இரு வகுப்புகளுக்கும் ஒருவரே நடத்தினால், பயிற்சியில் கற்ற மூச்சுப் பயிற்சியை 9Bயில் ஒரு பிள்ளை அழும்போது அவர் பயன்படுத்தாமல் இருப்பாரா? பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு நல்ல ஆசிரியரிடம் சொல்லவும் எமக்கு மனம் வரவில்லை. இவ்வாறு திட்டத்தின் பலனில் ஐந்தில் ஒரு பங்கு மறுதரப்புக்குப் போய்விட்டால், நாங்கள் காணக்கூடிய வேறுபாடு 0.3 அன்று, 0.24. அதே கணக்கை மீண்டும் செய்தால் ஒரு தரப்புக்கு 26 வகுப்புகள் வேண்டும். வகுப்பைப் பிரிப்பதால் வந்த இலாபம் அழிந்து நட்டமாகிவிடுகிறது. எமது எண்களின்படி, பலனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கசிந்தாலே பாடசாலையைப் பிரிக்கும் அமைப்பைவிடக் கூடுதலான வகுப்புகள் தேவைப்படும்.

இந்தக் கணக்கைக் கண்ட பிறகுதான் குழு பாடசாலைகளைத் தெரியும் முறையை மாற்றியது. இரு வகுப்புகளுக்கும் சுகாதாரப் பாடத்தை வெவ்வேறு ஆசிரியர்கள் நடத்தும் பாடசாலைகளையே தெரிந்தோம். பயிற்சி நூலை மாணவர் வீட்டுக்குக் கொண்டு செல்லாமல் வகுப்பறை அலுமாரியில் வைத்தோம். முடிவில் இரு தரப்பு மாணவரிடமும், பாடத்திலுள்ள பயிற்சிகளில் எவற்றை அறிந்திருக்கிறார்கள் என்று ஒரு சிறிய பட்டியலில் அடையாளமிடச் சொல்லும் வினாவைச் சேர்த்தோம். மறுதரப்பில் எத்தனை பேர் அவற்றை அறிந்திருந்தார்கள் என்பது கசிவுக்கு ஒரு நேரடி அறிகுறி. ரியூசன் வகுப்பை எவராலும் தடுக்க முடியாது. குறைந்தபட்சம் அதன் வழியாக என்ன போனது என்பதைக் காணலாம்.

படுவான்கரையில் அதிபர் ஒருவரைச் சந்தித்தபோது அவர் கேட்ட கேள்வி எமது திட்டத்தின் எல்லையைத் தொட்டது. “சேர், எங்கட பள்ளிக்கூடத்தில ஒன்பதாம் ஆண்டுக்கு ஒரே வகுப்புத்தான். அதை நீங்க எப்படி ரெண்டாப் பிரிப்பீங்க?” பிரிக்க முடியாது. ஒரு தரத்துக்கு ஒரே வகுப்புள்ள பாடசாலைகளில் வகுப்பைப் பிரிப்பது என்றால் பாடசாலையைப் பிரிப்பதுதான். அவற்றை விட்டுவிடுவது கணக்குக்கு எளிது, ஆனால் அப்படிச் செய்தால் முடிவு எழுவான்கரை நகரப் பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தும். அத்தகைய ஆறு பாடசாலைகளைத் தனிப் படையாக, அதாவது தமக்குள்ளேயே ஒப்பிடும் ஒரு தொகுதியாக, வைத்து, அவற்றுக்குள் மூன்றுக்கு மூன்றாக எழுமாற்றிப் பிரித்தோம். வலுக் கணக்கில் அவற்றைச் சேர்க்கவில்லை. 17 இணைகளுக்கு மேலதிகமாகவே அவை வந்தன. பாடசாலை மாறற்றிறன் அவற்றின் ஒப்பீட்டில் விலகாது என்பதால், மற்ற வகுப்புகளுக்குச் சமமாக அவற்றை எண்ணுவது நியாயமாகாது.

புள்ளிகளின்படி பிரிக்கப்பட்ட வகுப்புகளில் வேறொரு சிக்கல். A வகுப்பும் C வகுப்பும் இணையானால் ஒரு பக்கம் சோதனைப் பதற்றம் மிக்க பிள்ளைகளும் மறுபக்கம் பாடசாலையையே விட்டு விலகத் தொடங்கிய பிள்ளைகளும் விழுவார்கள். எழுமாற்று அதைச் சராசரியில் சமப்படுத்தும் என்பது உண்மை, ஆனால் 17 இணைகளில் அந்தச் சமநிலை கிடைக்காமலும் போகலாம். அத்தகைய பாடசாலைகளில் அடுத்தடுத்த பிரிவுகளை மட்டுமே இணைத்தோம், தொடக்க அளவீட்டில் கிடைத்த புள்ளியை ஆய்வில் கணக்கில் எடுத்துச் சரிசெய்தோம். தொடக்கப் புள்ளியைச் சேர்ப்பது வலுவைக் கூட்டும். அந்தக் கூடுதலைக் காரணம் காட்டி வகுப்புகளைக் குறைக்க வேண்டாம் என்று முடிவு செய்து, அதை ρ பிழைப்பதற்கு எதிரான கையிருப்பாக வைத்தேன்.

இழப்பைப் பற்றி எழுதும்போது பலர் 15 வீதத்தைக் கடைசியில் கூட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். கொத்தாய்வில் இழப்பு இரு வகைப்படும். வகுப்புக்குள் சிலர் வராமல் போவது m எண்ணைக் குறைக்கும். நான் தொடக்கத்திலேயே 25 என்று வைத்தது ஆறு மாதத்தின் பின் விடையளிப்போரின் எண்ணிக்கை, இடாப்பிலுள்ள சராசரி 30. இந்த வகை இழப்பு அவ்வளவு வலிக்காது. முழு வகுப்பே போய்விடுவதுதான் பெரிய இழப்பு, ஏனெனில் ஒரு வகுப்புப் போனால் அதன் இணையும் ஒப்பீட்டுக்கு உதவாது. இங்கே அது வெறும் கற்பனையன்று. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பாடசாலைகள் தற்காலிக முகாம்களாக மாறுவதுண்டு. ஆகவே இறுதி அளவீட்டை மார்கழி, தை மாதங்களில் விழாதபடி தொடக்கத் திகதியை நகர்த்தினோம். இதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை, இரண்டு மேலதிக இணைகளைச் சேர்த்திருந்தாலும் இதே பாதுகாப்புக் கிடைத்திருக்காது.

ஒழுங்கு ஒன்றையும் கண்டிப்பாகப் பின்பற்றினோம்: பெற்றோரின் ஒப்புதல், மாணவரின் இசைவு, தொடக்க அளவீடு அனைத்தும் முடிந்த பின்பே வகுப்புகளைப் பிரித்தோம். எந்த வகுப்புக்குப் பாடம் என்று முன்பே தெரிந்தால், “இந்தப் பிள்ளைக்குக் கட்டாயம் வேணும்” என்று வகுப்பாசிரியர் சிலரின் ஒப்புதலைத் தேடிப்போய் வாங்குவார். மறுவகுப்பில் அப்படி எவரும் தேடமாட்டார். நல்லெண்ணத்தால் நிகழும் இந்தச் சாய்வை எந்தப் புள்ளிவிபர முறையும் பின்னர் நீக்காது. தவணை நடுவில் வகுப்பு மாறிய பிள்ளைகளை, பிரிக்கும் நாளில் இடாப்பில் எங்கே இருந்தார்களோ அந்த வகுப்பிலேயே வைத்து ஆய்ந்தோம்.

ஆய்வுக்கான மாதிரியுருவை R மென்பொருளில் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்தோம். இரு வகுப்புள்ள ஒவ்வொரு பாடசாலையும் ஒரு படை. ஒற்றை வகுப்புப் பாடசாலைகள் ஆறும் சேர்ந்து ஒரு படை.

```
library(lmerTest)
fit <- lmer(sdq_fu ~ arm + sdq_base + stratum +
              (1 | class_uid), data = d)
summary(fit, ddf = "Kenward-Roger")
```

இந்தச் சில வரிகளில் தவறு புகக்கூடிய இடம் `class_uid`. தரவு உள்ளிடுபவர்கள் இடாப்பில் உள்ளபடி 9A, 9B என்றே பதிவார்கள். அதையே கொத்தாகக் கொடுத்தால், கல்முனையிலுள்ள 9Aயும் களுவாஞ்சிகுடியிலுள்ள 9Aயும் ஒரே வகுப்பு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பாடசாலை எண்ணையும் பிரிவையும் சேர்த்து ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அடையாளம் அமைக்க வேண்டும். வெளியீட்டில் `groups` என்ற வரியைப் பார்த்தால் உடனே தெரியும்: அங்கே 40 என்று இருக்க வேண்டும், 2 அல்லது 3 என்று இருந்தால் அடையாளம் கலந்துவிட்டது. தரப்பைக் குறிக்கும் `arm` வரியில் `df` என்ற எண்ணும் அதுபோலவே ஒரு காவல். நாற்பது வகுப்புகளும் 18 படைகளும் கொண்ட அமைப்பில் அது ஏறக்குறைய 20 ஆக வரவேண்டும். ஆயிரத்துக்கு அண்மையாக வந்தால் மென்பொருள் மாணவர்களை எண்ணுகிறது, வகுப்புகளை அல்ல.

வகுப்பு மாறற்றிறன் பூச்சியமென்று மதிப்பிடப்பட்டு `boundary (singular) fit` என்ற செய்தி வந்தால், வகுப்பை மாதிரியுருவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். எடுக்கக் கூடாது. வகுப்புகளைப் பிரித்தோம் என்பது வடிவமைப்பின் உண்மை. ஒரு மதிப்பீடு பூச்சியத்தில் விழுந்ததால் அது மாறிவிடாது. வடிவமைப்பு விளைவு உண்மையில் 2.12 ஆக இருக்கும்போது கொத்தாக்கத்தைப் புறக்கணித்து ஆய்ந்தால், நியம வழு ஏறக்குறைய 1.46 மடங்கு சிறிதாகக் காட்டப்படும்; 5 வீதமென்று நாம் நினைக்கும் பொய்க் கண்டுபிடிப்பின் வாய்ப்பு ஏறக்குறைய 18 வீதமாகிவிடும். பயனற்ற பாடத்திட்டமொன்று, அதில் பாதியளவான, ஏறக்குறைய பதினொன்றில் ஒரு வாய்ப்பில், பயனுள்ளது என்ற பெயரோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்.

பாடத்தை ஆசிரியர்களுக்குப் பதிலாக நான்கு வெளி வளவாளர்கள் எல்லா வகுப்புகளுக்கும் சென்று நடத்தலாம் என்ற யோசனையும் வந்தது. தரம் ஒரே சீராக இருக்கும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அப்போது பாடம் பெற்ற வகுப்புகள் நான்கு வளவாளர்களின் கொத்துகளாகிவிடும், மறுதரப்பில் அப்படி ஒன்றும் இராது. நால்வரில் ஒருவர் மிகச் சிறந்தவராக இருந்தால், கண்ட பலன் பாடத்தினுடையதா அவருடையதா என்று பிரித்தறிய நான்கு பேர் போதாது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாட்டில் ஆசிரியரின் விளைவு வகுப்பின் விளைவோடு ஒன்றாகவே கணக்கில் அடங்கிவிடுகிறது. பின்னாளில் இத்திட்டத்தை நடத்தப்போகிறவர்களும் ஆசிரியர்களே என்பதால் அந்த ஏற்பாட்டையே வைத்தோம்.

முன்மொழிவில் இறுதியாக நின்ற நியாயப் பந்தி இவ்வாறு அமைந்தது: “முதன்மை விளைவு ஆறு மாதத்தில் மாணவர் விடையளிக்கும் மொத்தச் சிரமப் புள்ளி. 1.65 புள்ளி வேறுபாட்டை (நியம விலகல் 5.5) 80 வீத வலுவுடனும் 5 வீத இருபக்கப் பொருண்மை மட்டத்துடனும் அறிய, வகுப்பு மட்டக் கொத்தகத் தொடர்பு 0.04, ஆறாம் மாதத்தில் விடையளிக்கும் சராசரி வகுப்பு அளவு 25, அதன் மாறற் குணகம் 0.4 என்ற எடுகோள்களின் கீழ், இணை அமைப்புக்கான இரண்டு மேலதிக வகுப்புகளுடன், ஒரு தரப்புக்கு 17 வகுப்புகள் தேவை. தரத்துக்கு ஒரே வகுப்புள்ள ஆறு பாடசாலைகள் இவற்றுக்கு மேலதிகமாகச் சேர்க்கப்படும்.” அதன் கீழே ρ 0.02 முதல் 0.08 வரை மாறும்போது தேவைப்படும் வகுப்புகளையும், பலன் கசிந்தால் தேவைப்படும் வகுப்புகளையும் இரண்டு வரிகளில் தந்தோம். முடிவுகளை வெளியிடும்போது தரவில் கண்ட ρ மதிப்பை, அது பூச்சியமாக வந்தாலும், அதன் நம்பிக்கை இடைவெளியோடு வகுப்பு மட்டத்துக்கும் பாடசாலை மட்டத்துக்கும் தனித்தனியே தருவோம் என்றும் எழுதிக் கொடுத்தோம். கிழக்கில் அடுத்ததாக இப்படியோர் ஆய்வைத் திட்டமிடுபவர் அப்போது பிற நாட்டு வகுப்பறைகளின் எண்ணைக் கடன் வாங்காமல் இங்குள்ள எண்ணிலிருந்தே தொடங்கலாம்.